கப்பல் அதிகாரியின் சுயவிவரம்: முத்திரைகள் சொல்வதையே எழுதுங்கள்

டேங்கர் கப்பலில் வேலை கேட்கும் அதிகாரியின் சுயவிவரத்தில் கம்பெனி முதலில் தேடுவது கடலில் இருந்த காலத்தை. அதை சிடிசி எனப்படும் கடலோடிப் புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கப்பலேறிய நாளும் இறங்கிய நாளும் அதில் முத்திரையோடு பதிவாகியிருக்கும்.

ஒரு தேர்டு ஆபீசரை எடுத்துக்கொள்வோம். 2022 மார்ச் 10 முதல் செப்டம்பர் 9 வரை பல்க் கேரியரில் இருந்தார். 2023 ஜனவரி 5 முதல் ஜூலை 4 வரையும், அதே ஆண்டு நவம்பர் 1 முதல் 2024 ஏப்ரல் 30 வரையும் எண்ணெய்ப் பொருள் ஏற்றும் டேங்கரில் வேலை. முதல் நாளையும் கடைசி நாளையும் மட்டும் பார்த்து, "இரண்டு ஆண்டு டேங்கர் அனுபவம்" என்று எழுதிவிடுகிறார். புத்தகத்தின்படி கடலில் கழிந்தது 18 மாதம். அதில் டேங்கரில் 12 மாதம்தான். நடுவில் வந்த விடுமுறைகள் கணக்கில் சேராது.

இந்தப் பிரிப்பு ஏன் முக்கியம்? டேங்கரை வாடகைக்கு எடுக்கும் எண்ணெய் நிறுவனங்கள் அதிகாரிகளின் அனுபவத்தை ஓர் அட்டவணையாகக் கேட்கின்றன. அந்தப் பதவியில் எவ்வளவு காலம், அந்த வகை டேங்கரில் எவ்வளவு காலம், அந்தக் கம்பெனியில் எவ்வளவு காலம் என்று அதில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் கப்பலின் பெயர், வகை, எடை, பதவி, ஏறிய நாள், இறங்கிய நாள் ஆகியவற்றை ஒரே வரியில் கொடுப்பது நல்லது.

அடுத்தது சான்றிதழ்கள். இந்தியாவில் செகண்ட் மேட் சான்றிதழ் பெற்றவர் பொதுவாகத் தேர்டு ஆபீசராகத்தான் முதலில் கப்பலேறுகிறார். எனவே கையிலுள்ள சான்றிதழையும் வகித்த பதவியையும் வேறு வேறாகக் காட்ட வேண்டும். டேங்கருக்கான தகுதிப் பதிவு, ரேடியோ சான்றிதழ், மின்னணு வரைபடப் பயிற்சி, மருத்துவச் சான்று ஆகியவற்றின் காலாவதி நாளையும் குறிப்பிடுங்கள். மருத்துவச் சான்று அதிகபட்சம் 2 ஆண்டுதான் செல்லும். ஒப்பந்தத்தின் நடுவே அது முடிவதாக இருந்தால் இப்போதே புதுப்பித்துவிடுங்கள்.

பாதுகாப்புப் பகுதியில் "விபத்தே இல்லை" என்ற ஒற்றை வரி எதையும் தெரிவிக்காது. "உயிர்காப்புப் படகுகள், தீயணைப்புக் கருவிகளின் மாதாந்திரச் சோதனை என் பொறுப்பில் இருந்தது, 2024 பிப்ரவரி துறைமுக ஆய்வில் அவற்றில் குறைபாடு பதிவாகவில்லை" என்று எழுதினால் செய்த வேலை தெரியும், ஆய்வு அறிக்கையைக் கொண்டு சரிபார்க்கவும் முடியும். துறையில் கட்டும்போது கயிறு அறுந்த சம்பவம் நடந்திருந்தால் மறைக்க வேண்டாம். என்ன நடந்தது, உங்கள் பங்கு என்ன, விசாரணையில் கண்ட காரணம் என்ன, பிறகு எதை மாற்றினீர்கள் என்று நான்கு வரியில் சொல்லுங்கள். பழைய கம்பெனியை விசாரிக்கும்போது அது எப்படியும் தெரியவரும்.

அனுப்புமுன் சிடிசியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியையும் ஒப்பிடுங்கள். ஒரு நாள் மாறினாலும் திருத்திவிட்டே அனுப்புங்கள்.