மூன்று அடுத்தடுத்த எண்களும் ஆறின் மடங்கும்

ஒரு முழு எண்ணின் கனத்திலிருந்து அதே எண்ணைக் கழித்தால் கிடைக்கும் விடை எப்போதும் 6-ஆல் மீதியின்றி வகுபடும். 2-இன் கனம் 8. அதிலிருந்து 2 போனால் 6. 3-இன் கனம் 27. அதிலிருந்து 3 போனால் 24. இப்படியே 4-க்கு 60, 5-க்கு 120, 6-க்கு 210 என்று விடைகள் வருகின்றன. எல்லாமே ஆறின் மடங்குகள். எண்ணை n என்று குறித்தால், n³ − n என்பது 6-ஆல் வகுபடும் என்பதே கூற்று.

ஐந்தாறு எண்களுக்குச் சரியாக வந்துவிட்டது என்பதால் எல்லா எண்களுக்கும் சரியாக வரும் என்று சொல்லிவிட முடியாது. ஆய்லர் 1772-இல் எடுத்துக்காட்டிய n² − n + 41 என்ற கோவை இதற்குப் பெயர்போன உதாரணம். n-க்கு 1, 2, 3 என்று 40 வரை எந்த எண்ணைப் போட்டாலும் விடையாகப் பகா எண்ணே கிடைக்கும். 41-ஐப் போட்டதும் விடை 41 × 41 ஆகிவிடுகிறது. அது பகா எண் அல்ல. நாற்பது முறை சரியாக வந்த ஒன்று அடுத்த முறையே பொய்த்துப்போகிறது. முழு எண்களுக்கு முடிவில்லை. ஒவ்வொன்றாகச் சோதித்துத் தீராது. எனவே n எதுவானாலும் பொருந்தும் ஒரு காரணம் தேவை.

அந்தக் காரணம் n³ − n என்ற வடிவத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. காரணிப்படுத்தினால் வெளியே வருகிறது. இரண்டு உறுப்புகளுக்கும் பொதுவான n-ஐ வெளியே எடுத்தால் n(n² − 1) கிடைக்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பது இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம். பள்ளியில் படிக்கும் a² − b² = (a + b)(a − b) என்ற முற்றொருமையின்படி அது (n − 1)(n + 1) என்று பிரியும். ஆகவே,

n³ − n = (n − 1) × n × (n + 1)

வலப்பக்கம் இருப்பவை ஒரு எண்ணும், அதற்கு முந்தைய எண்ணும், பிந்தைய எண்ணும். அதாவது, அடுத்தடுத்து வரும் மூன்று முழு எண்களின் பெருக்கல்தான் n³ − n. 17-ஐ வைத்துச் சரிபார்க்கலாம். 17-இன் கனம் 4913. அதில் 17-ஐக் கழித்தால் 4896. மறுபக்கம் 16 × 17 × 18 என்று பெருக்கினாலும் 4896-தான். அதை 6-ஆல் வகுத்தால் 816.

இனி நிரூபணத்துக்கு வேண்டியவை இரண்டு செய்திகள்தான். முதலாவது, இரட்டைப்படையும் ஒற்றைப்படையும் மாறி மாறி வருவதால், அடுத்தடுத்த இரண்டு எண்களில் ஒன்று கட்டாயம் இரட்டைப்படை. மூன்று எண்களை எடுத்தால் குறைந்தது ஒன்றாவது இரட்டைப்படையாக இருக்கும். எனவே பெருக்கற்பலன் 2-ஆல் வகுபடும்.

இரண்டாவது, அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று கட்டாயம் மூன்றின் மடங்கு. எந்த எண்ணை 3-ஆல் வகுத்தாலும் மீதி 0, 1, 2 ஆகியவற்றுள் ஒன்றாகத்தான் இருக்கும். மூன்றில் முதல் எண்ணின் மீதி 0 என்றால் அதுவே மூன்றின் மடங்கு. மீதி 1 என்றால், இரண்டு கூட்டிக் கிடைக்கும் மூன்றாம் எண் மூன்றின் மடங்கு. மீதி 2 என்றால், ஒன்று கூட்டிக் கிடைக்கும் நடு எண் மூன்றின் மடங்கு. நான்காவது நிலை ஒன்று கிடையாது. எனவே பெருக்கற்பலன் 3-ஆலும் வகுபடும்.

2-ஆலும் 3-ஆலும் வகுபடுவதால் 6-ஆலும் வகுபடும் என்பது கடைசிப் படி. பலரும் இதை யோசிக்காமல் கடந்துவிடுகிறார்கள். இரண்டு எண்களால் வகுபடும் ஒன்று அவற்றின் பெருக்கற்பலனாலும் வகுபடும் என்பது பொதுவிதி அல்ல. 12 என்ற எண் 4-ஆலும் 6-ஆலும் வகுபடும். ஆனால் 24-ஆல் வகுபடாது. 4-க்கும் 6-க்கும் 2 பொதுக் காரணியாக இருப்பதே அதற்குக் காரணம். 2-க்கும் 3-க்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. அவை சார்பகா எண்கள். மூன்றால் வகுபடும் எண்ணை 3 × k என்று எழுதலாம். அது இரட்டைப்படையாகவும் இருக்க வேண்டுமானால், 3 ஒற்றைப்படை என்பதால் k இரட்டைப்படையாக இருந்தே தீர வேண்டும். k-வை 2 × m என்று எழுதினால் மொத்தம் 6 × m ஆகிறது. நிரூபணம் இங்கே முடிகிறது.

இதில் ஒரு சந்தேகம் எழலாம். இரட்டைப்படையாக இருக்கும் எண்ணே மூன்றின் மடங்காகவும் இருந்தால், ஒரே எண்ணை இரண்டு முறை கணக்கில் சேர்த்ததாகிவிடாதா? n = 6 என்றால் 5, 6, 7 என்ற மூன்று எண்கள் வருகின்றன. இரட்டைப்படை 6 மட்டும்தான். மூன்றின் மடங்கும் அதே 6-தான். ஆனாலும் பழுதில்லை. 2-உம் 3-உம் அந்த ஒரே எண்ணுக்குள் தனித்தனிக் காரணிகளாக இருக்கின்றன. பெருக்கற்பலன் 210, அதாவது 6 × 35.

சுழியத்துக்கும் குறை எண்களுக்கும் இதே நிரூபணம் அப்படியே பொருந்தும். n = −4 என்றால் மூன்று எண்கள் −5, −4, −3; பெருக்கற்பலன் −60. n என்பது 0, 1, −1 ஆகியவற்றுள் ஒன்றானால் மூன்று எண்களில் ஒன்று சுழியமாகிவிடும்; விடையும் சுழியம். சுழியமும் 6-ஆல் மீதியின்றி வகுபடுவதே.

n ஒற்றைப்படை என்றால் இன்னும் வலுவான முடிவு கிடைக்கிறது. அப்போது n-க்கு முன்னும் பின்னும் இருப்பவை அடுத்தடுத்த இரட்டைப்படை எண்கள். அவற்றில் ஒன்று நான்கின் மடங்காக இருக்கும். எனவே இரண்டின் பெருக்கல் 8-ஆல் வகுபடும். மூன்றின் மடங்கு ஒன்றும் எப்படியும் இருக்கிறது. 8-உம் 3-உம் சார்பகா எண்கள் என்பதால் விடை 24-ஆல் வகுபடும். 3-க்கு 24, 5-க்கு 120, 7-க்கு 336 என்று வருவதைப் பார்க்கலாம். இரட்டைப்படை எண்களுக்கு இந்த உறுதி இல்லை: 4-க்குக் கிடைக்கும் 60-ஐ 24 வகுக்காது.

6-ஆல் வகுத்தபின் கிடைக்கும் ஈவுக்கும் ஒரு பொருள் உண்டு. ஆறு பேரிலிருந்து மூவர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கொள்வோம். முதல் ஆளை 6 வழிகளிலும், அடுத்தவரை 5 வழிகளிலும், மூன்றாமவரை 4 வழிகளிலும் எடுக்கலாம், மொத்தம் 120. ஆனால் அதே மூவரை ஆறு விதமாக வரிசை மாற்றி எடுக்க முடியும் என்பதால் ஒவ்வொரு குழுவும் ஆறு முறை எண்ணப்பட்டிருக்கிறது. உண்மையான குழுக்கள் 120 ÷ 6 = 20. இந்த 120 என்பது n = 5-க்கான விடையேதான். பொதுவாக n + 1 பேரிலிருந்து மூவரைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கை (n³ − n) ÷ 6. குழுக்களின் எண்ணிக்கை பின்னமாக இருக்க முடியாது என்பதால், மிகை முழு எண்களுக்கு இதுவே இன்னொரு நிரூபணமும் ஆகிறது.

அடுக்கு 3 என்பதை மாற்றினால் என்ன ஆகும்? n⁵ − n எப்போதும் 5-ஆல் வகுபடும். n⁷ − n எப்போதும் 7-ஆல் வகுபடும். அடுக்கு p ஒரு பகா எண்ணாக இருந்தால் nᵖ − n என்பது p-ஆல் வகுபடும் என்று பியர் டி ஃபெர்மா 1640-இல் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். அது ஃபெர்மாவின் சிறு தேற்றம் எனப்படுகிறது. அடுக்கு பகா எண்ணாக இல்லாவிட்டால் இந்த உறுதி போய்விடும். 2-இன் நான்காம் அடுக்கு 16. அதில் 2-ஐக் கழித்தால் 14. அது 4-ஆல் வகுபடாது.