ஒரு தேநீர் அட்டையின் கணக்கு

தேநீர்க் கடைகளில் கொடுக்கப்படும் முத்திரை அட்டை பார்ப்பதற்குச் சிறியது. ஆனால் அது கடைக்காரர் எழுத்தில் கொடுக்கும் ஒரு வாக்குறுதி. எங்கள் ஊர் பஸ் தரிப்பிடத்துக்கு அருகில் தேநீர்க் கடை வைத்திருக்கும் என் மாமாவுக்காக அத்தகைய அட்டையொன்றை வரைந்தேன். அதன் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காரணம் உண்டு.

முதலில் அளவு. பேர்ஸில் வங்கி அட்டை வைக்கும் இடத்தில் நுழையாத அட்டை வீட்டு மேசையிலேயே கிடந்துவிடும். ஆகவே 85 மில்லிமீற்றர் நீளமும் 54 மில்லிமீற்றர் அகலமும் எடுத்தேன். நான்கு பக்கமும் 5 மில்லிமீற்றர் விட்டால், 15 மில்லிமீற்றர் சதுரக் கட்டங்கள் ஒரு வரிசைக்கு ஐந்தாக இரு வரிசை அமையும். மேலே கடையின் பெயருக்கும் கீழே பரிசு வரிக்கும் 7 மில்லிமீற்றர் வீதம் மிஞ்சும். முத்திரையின் விட்டம் 12 மில்லிமீற்றர். அவசரத்தில் சற்றுச் சரிந்து குத்தினாலும் பக்கத்துக் கட்டத்தைத் தொடாது. ஓர் ஏ4 தாளில் பத்து அட்டைகள் அடங்கும்.

பளபளப்பான தாள் அழகாக இருக்கும். ஆனால் முத்திரை மை அதில் ஊறாது. குத்திப் பத்து விநாடி கழித்து விரலால் தேய்த்துப் பார்த்தால் தெரியும்: மை இழுபட்டால் அந்தத் தாள் ஆகாது. பளபளப்பில்லாத தடித்த அட்டையே இதற்குப் பொருந்தும். பேனாவால் சரி போட்டால் யாரும் வீட்டிலிருந்தே போட்டுக்கொள்ளலாம். ஆகவே மாமாவின் பெயரெழுத்துப் பொறித்த றப்பர் முத்திரையொன்றைச் செய்வித்தோம்.

அடுத்தது, எத்தனை தேநீருக்குப் பரிசு என்பது. மாமாவின் கடையில் பால் தேநீர் 100 ரூபாய். தேயிலை, பால்மா, சீனி, காஸ் எல்லாம் சேர்ந்து ஒரு கோப்பைக்கு அவருக்கு ஆகும் செலவு 60 ரூபாய். எனவே இலவசத் தேநீரால் அவருக்கு ஏற்படும் செலவு 100 அல்ல, 60. ஐந்து தேநீருக்கு ஒன்று கொடுத்தால் ஒவ்வொன்றிலும் 12 ரூபாய் போய், 40 ரூபாய் இலாபம் 28 ஆகும். எட்டுக்கு ஒன்றென்றால் போவது 7.50, மிஞ்சுவது 32.50. மாமா எட்டையே தெரிந்தெடுத்தார்.

அப்படியானால் கட்டம் ஏன் பத்து? அமெரிக்காவில் நூனெஸ், ட்ரேஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கார் கழுவுமிடமொன்றில் 300 அட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு வெற்றுக் கட்டங்கள். மற்றவர்களுக்குப் பத்துக் கட்டங்கள், அவற்றில் இரண்டு முன்கூட்டியே நிரப்பப்பட்டவை. இரு சாராரும் எட்டு முறைதான் வரவேண்டும். முதற் சாராரில் 19 சதவீதமானோரும், இரண்டாம் சாராரில் 34 சதவீதமானோரும் அட்டையை நிரப்பினர். 2006இல் இந்த ஆய்வு வெளியானது. தொடங்கிவிட்ட வேலையை முடிக்கவே மனம் விரும்புகிறது. மாமாவும் அட்டையைக் கொடுக்கும்போதே வாடிக்கையாளரின் கண்முன் இரண்டு முத்திரை குத்திக் கொடுக்கிறார்.

எல்லாவற்றிலும் கடினமானது பரிசு வாசகம். "பத்துக்கு ஒன்று இலவசம்" என்று எழுதினால், பத்தாவது இலவசமா, பதினோராவதா என்று கேள்வி வரும். "தேநீர்" என்று மட்டும் எழுதினால், 50 ரூபாய் பிளேன்டிக்கு முத்திரை சேர்த்தவர் பால் தேநீர் கேட்பார். அவர் கேட்பதும் நியாயமே, பிழை வாசகத்தில்தான். கடைசியில் இவ்வாறு எழுதினோம்:

"ஒரு பால் தேநீருக்கு ஒரு முத்திரை. பத்துக் கட்டமும் நிரம்பியதும் அடுத்த பால் தேநீர் இலவசம்."

பின்புறத்தில் இரண்டு வரிகள்: "நிரம்பிய அட்டையைக் கடையில் ஒப்படைக்கவும். இரு அட்டைகளின் முத்திரைகளைச் சேர்க்க முடியாது." இரண்டாவது வரி இல்லாவிட்டால், ஐந்து புதிய அட்டைகளை வாங்கியவர் ஒரு தேநீரும் வாங்காமலே பத்து முத்திரை காட்டலாம்.

பரிசை ரூபாயில் எழுதாமல் தேநீராகவே எழுதியதால், விலை ஏறினாலும் வாடிக்கையாளருக்கு நட்டமில்லை. ஆனால் பால்மா விலை ஏறும்போது அந்தச் சுமை மாமாவின் தலையில் விழும். அதனால் அட்டைகளுக்கு 1 முதல் 100 வரை இலக்கமிட்டோம். நூறும் நிரம்பி வந்தாலும் இன்றைய செலவில் 6,000 ரூபாய்தான். இனிக் கட்டுப்படியாகாது என்று கண்டால், புதிய அட்டை கொடுப்பதை அவர் நிறுத்தலாம். ஏற்கனவே கொடுத்த அட்டையோடு ஒருவர் வந்தால், அவருக்குரிய தேநீரை ஊற்றிக் கொடுக்கத்தான் வேண்டும்.