தராசு மறைப்பதைக் கை சொல்லும்

கால் வீக்கத்தோடு வார்டில் படுத்திருக்கும் ஒரு முதியவர். எடை 62 கிலோ. போன மாதமும் அதேதான். தராசை நம்பினால் குறையில்லை. ஆனால் உடலில் தேங்கிய நீருக்கும் எடை உண்டு.

உணவியல் நிபுணர் அவரைத் தொட்டுப் பார்க்கிறார். முதலில் நெற்றிப்பொட்டு: தசை கரைந்திருந்தால் அங்கே குழி விழும். அடுத்து, காறை எலும்பு துருத்துகிறதா என்று தடவுகிறார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தச் சொல்கிறார். இடையே தசை புடைக்க வேண்டும். பள்ளமாகவே இருந்தால் இழப்பு.

கொழுப்பை அறிய, மேல்கையின் பின்புறத் தோலைத் தசையிலிருந்து பிரித்துக் கிள்ளுகிறார். விரல்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டால் கொழுப்பு மிகக் குறைவு. வீங்கிய காலில் இந்தக் கணக்கு பிசகும்; அதனால் மேலுடம்பைத்தான் நம்புகிறார்.

கடைசியாக வாய். வாயோரப் புண்ணும் வழவழப்பான நாக்கும் பி வைட்டமின் அல்லது இரும்புச்சத்துக் குறையைக் காட்டலாம். பொருந்தாத பல்செட்டாலும் வாயோரம் புண்ணாகும் என்பதால், உணவுப் பழக்கத்தை விசாரித்து ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும்.

இந்த முதியவருக்கு இரு நெற்றிப்பொட்டும் குழிந்திருந்தன. கிள்ளிய விரல்கள் ஒட்டிக்கொண்டன. எடை மாறாமலேயே உடல் தேய்ந்திருந்தது.