இறங்கினால் எழுது, ஏறினால் எழுதாதே

2022 ஜூன் 30 அன்று, மைக்ரோஸ்ட்ராட்டஜி என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்திடம் 1,29,699 பிட்காயின்கள் இருந்தன. அவற்றை வாங்கச் செலவிட்டது சுமார் 398 கோடி டாலர். அன்றைய சந்தை விலைக்கு விற்றிருந்தால் ஏறக்குறைய 245 கோடி கிடைத்திருக்கும். ஆனால் அதன் பேலன்ஸ் ஷீட்டில் இருந்த மதிப்போ 199 கோடிதான். வாங்கிய விலையும் இல்லை, விற்கும் விலையும் இல்லை. இதில் தில்லுமுல்லு எதுவும் கிடையாது. சட்டப்படி அப்படித்தான் எழுத வேண்டியிருந்தது.

கணக்காளருக்கு முதலில் வந்த சிக்கல், பிட்காயினை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதே. ரொக்கம் என்று எழுத முடியாது. எந்த அரசும் அதற்குப் பொறுப்பேற்று வெளியிடவில்லை, கடையில் நீட்டினால் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான நாடுகளில் இல்லை. பங்கு, கடன் பத்திரம் போன்ற நிதிச் சொத்தும் அல்ல. பங்குக்குப் பின்னால் ஒரு நிறுவனத்தில் உரிமை இருக்கும், கடன் பத்திரத்துக்குப் பின்னால் பணம் தரக் கடமைப்பட்ட ஒருவர் இருப்பார். பிட்காயினுக்குப் பின்னால் யாரும் இல்லை. வாங்கி விற்பது மென்பொருள் நிறுவனத்தின் தொழில் அல்ல, அதனால் சரக்கிருப்பிலும் சேர்க்க முடியாது. மிச்சமிருந்தது ஒரே தலைப்பு: உருவமில்லாச் சொத்து. வணிகமுத்திரை, காப்புரிமை எல்லாம் இருக்கும் இடம். அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்.

அந்தத் தலைப்பின் விதிகள், தினமும் விலை பேசப்படாத பொருட்களுக்காக எழுதப்பட்டவை. ஒரு வணிகமுத்திரையின் இன்றைய விலை என்ன என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே நிர்வாகம் இஷ்டத்துக்கு மதிப்பை ஏற்றி லாபம் காட்டிவிடக் கூடாது என்று அமெரிக்க விதி ஒரு பூட்டுப் போட்டது. மதிப்பு குறைந்தால் உடனே நட்டமாக எழுத வேண்டும். பிறகு கூடினாலும், விற்கும் வரை திருப்பி எழுதக் கூடாது. முத்திரைக்கு நியாயமான இந்த எச்சரிக்கை, நொடிக்கு நொடி விலை தெரியும் பிட்காயினுக்கு வந்தபோது விசித்திரமாகிவிட்டது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 40,000 டாலருக்கு ஒரு பிட்காயின் வாங்குகிறீர்கள். காலாண்டின் நடுவே, ஒரு நாள் மாலை சில நிமிடங்கள் மட்டும், விலை 30,000-க்கு இறங்குகிறது. காலாண்டு முடிவில் 45,000. உங்கள் கணக்கில் சொத்து 30,000, நட்டம் 10,000. அடுத்த காலாண்டில் அதே 45,000-க்கு விற்றால், 15,000 லாபம்! உண்மையில் கிடைத்தது 5,000தான். மைக்ரோஸ்ட்ராட்டஜியின் 199 கோடியும் இப்படி வந்ததே. விலை உச்சத்தில் வாங்கியவை அந்த ஜூன் மாதத் தாழ்ந்த விலைக்கு இறக்கப்பட்டன. முன்பு மலிவாக வாங்கியவை தம் குறைந்த மதிப்பிலேயே நின்றன. ஒவ்வொரு கொள்முதலும் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதால் இந்த நிலை. எதை விற்றால் எவ்வளவு லாபம் தெரியும் என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் அதில் ஒளிந்திருக்கிறது. என் பார்வையில் பூட்டின் பெரிய ஓட்டை அதுதான்.

அமெரிக்கக் கணக்கியல் தர வாரியம் 2023 டிசம்பரில் விதியை மாற்றியது. பிட்காயின் போன்றவற்றை ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் சந்தை விலைக்கே எழுதி, ஏற்ற இறக்கத்தை லாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டும். 2025 முதல் கட்டாயம். ஸ்ட்ராட்டஜி என்று பெயர் மாறிய அதே நிறுவனம், அந்த ஆண்டின் முதல் காலாண்டில் இதனால் சுமார் 590 கோடி டாலர் நட்டமும், அடுத்த காலாண்டில் சுமார் 1,400 கோடி லாபமும் காட்டியது. பிட்காயின் விற்றுக் கைக்கு வந்த பணம் அல்ல அது. பேலன்ஸ் ஷீட் உண்மையைச் சொல்கிறது. லாபக் கணக்கோ மென்பொருள் வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதையே மறைத்துவிடுகிறது. இரண்டில் இதுவே மேல் என்பேன், ஆனால் குறையில்லாதது அல்ல.

சர்வதேசத் தரங்கள் இன்னும் பழைய தலைப்பிலேயே நிற்கின்றன. 2019-ல் அதன் விளக்கக் குழு, விற்பனைக்கு வைத்திருந்தால் சரக்கிருப்பு, இல்லையேல் உருவமில்லாச் சொத்து என்றது. அங்கே கொஞ்சம் இளக்கம் உண்டு: எழுதிய நட்டத்தைப் பின்னர் திருப்பலாம்; சந்தை சுறுசுறுப்பாக இருந்தால் மறுமதிப்பீடும் செய்யலாம். ஆனால் மறுமதிப்பீட்டில் வாங்கிய விலைக்கு மேல் ஏறிய தொகை லாபக் கணக்குக்கு வராது, விற்ற பிறகும் வராது.

இந்தியாவின் இந்த்-ஏஎஸ் தரங்கள் இதை ஒட்டியவை. கிரிப்டோவுக்கென்று தனித் தரம் இங்கே இல்லை. ஆனால் கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை 2021 ஏப்ரல் முதல் மூன்று விவரங்களைக் கேட்கிறது: கிரிப்டோ பரிவர்த்தனையில் வந்த லாப நட்டம், ஆண்டு முடிவில் கையிருப்பு, அதில் முதலீடு செய்யப் பிறரிடம் பெற்ற டெபாசிட் அல்லது முன்பணம். நீங்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் ஆண்டறிக்கை கைக்கு வந்தால், லாபத் தொகையைப் பார்க்கும் முன் கடைசிப் பக்கங்களில் உள்ள குறிப்புகளில் இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள்.