கவிதா திங்கட்கிழமை சேர்கிறார்

கோவையில் இருநூறு பேர் வேலை பார்க்கும் ஒரு பம்ப் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அங்கே புதிதாக ஒரு சர்வீஸ் மேனேஜர் சேரப்போகிறார். பெயர் கவிதா என்று வைத்துக்கொள்வோம். இதுவரை டீலர்களின் புகார்களையும் சேர்த்துக் கவனித்துவந்தவர் விற்பனை மேலாளர் முருகன். கவிதா வருவதை எல்லோருக்கும் தெரிவித்து ஒரு மெயில் அனுப்ப வேண்டும்.

இம்மாதிரி மெயில்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: "எங்கள் குடும்பத்தில் இணையும் கவிதாவை மிகுந்த மகிழ்ச்சியுடன் வரவேற்கிறோம். பரந்த அனுபவமும் சிறந்த தலைமைப் பண்பும் கொண்ட இவரது வருகையால், வாடிக்கையாளர் புகார்கள் இனி விரைவாகத் தீரும்." படிப்பவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. டெஸ்பாட்சில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியது, நாளைக்கு ஒரு டீலர் போன் செய்தால் யாரிடம் கொடுப்பது என்பதுதான். அது மெயிலில் இல்லை. முருகனுக்கோ கடைசி வரி தைக்கும். "இனி விரைவாகத் தீரும்" என்றால் இத்தனை நாள் இழுத்தடித்தது அவர்தான் என்று பொருளாகிறது. எழுதியவர் அப்படி நினைத்திருக்கவே மாட்டார். புதியவரை உயர்த்த எழுதும் வாக்கியம் பழையவரைத் தாழ்த்துவது இந்த மெயில்களில் அடிக்கடி நடக்கிறது. "இனி", "ஒருவழியாக" போன்ற சொற்கள் வரும் இடங்களை இன்னொரு முறை படித்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

அதே செய்தியை இப்படி எழுதலாம்:

பொருள்: திங்கள் முதல் சர்வீஸ் மேனேஜர் கவிதா

அனைவருக்கும் வணக்கம்.

வரும் திங்கட்கிழமை கவிதா சர்வீஸ் மேனேஜராகச் சேர்கிறார். அன்று முதல் வரும் டீலர் புகார்களையும் வாரண்டி கோரிக்கைகளையும் அவருக்கு அனுப்புங்கள். இரண்டு வேலைகளையும் சேர்த்துச் சுமந்த முருகன், விற்பனையை முழுநேரமாகப் பார்ப்பார். நிலுவையில் உள்ள புகார்களை இம்மாதக் கடைசிக்குள் இருவரும் சேர்ந்து முடிப்பார்கள்.

கவிதா எட்டு ஆண்டுகள் மோட்டார் ரீவைண்டிங்கில் இருந்தவர். நேர்காணலில் எரிந்த ஒரு ஸ்டேட்டரைக் கையில் கொடுத்தோம். எந்தச் சுற்று கருகியிருக்கிறது என்று பார்த்து, ஒரு ஃபேஸ் போனதால் எரிந்தது என்றார்.

முதல் மாடியில் ஸ்டோர்ஸை ஒட்டி உட்கார்வார். திங்கள் பதினொரு மணி டீக்கு அங்கே வாருங்கள்.

இவ்வளவு போதும். முதல் பத்தியிலேயே யாருக்கு எந்த வேலை என்பது முடிந்துவிடுகிறது. மெயிலில் பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அந்த ஸ்டேட்டர் சங்கதியைப் படித்த மெஷின் ஷாப் ஆட்களுக்கு, வருபவர் தொழில் தெரிந்தவர் என்று புரிந்துவிடும். டீ நேரத்தில் பேச்சைத் தொடங்கவும் அதுவே வழி. சொந்த ஊர், குடும்பம், பழைய கம்பெனியின் பெயர், புகைப்படம் இவற்றையெல்லாம் அவரைக் கேட்காமல் போடக் கூடாது. எழுதியதை அவரிடமே ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. பெயரின் எழுத்துப் பிழையும் அப்போதே திருந்தும்.

மெயிலை எப்போது அனுப்புகிறோம் என்பதில்தான் மனக்கசப்புகள் பிறக்கின்றன. இரண்டு மூன்று மாத நோட்டீஸ் காலத்தில் இருப்பவர், ஒப்புக்கொண்ட பிறகும் வராமல் போவதுண்டு. ஆகவே ஆஃபர் கொடுத்த மறுநாளே அறிவித்துவிடக் கூடாது. சேர்வது உறுதியான பின், சேரும் நாளுக்கு ஓரிரு நாள் முன்பு அனுப்பினால் போதும். அதற்கும் முன்பே முருகனிடமும் சர்வீஸ் பிரிவில் இருப்பவர்களிடமும் நேரில் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பதவிக்கு உள்ளிருந்தே விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனவர் ஒருவர் இருந்தால், முதலில் அவரிடம்தான் பேச வேண்டும். தனக்குக் கிடைக்கவில்லை என்பதை அவர் இருநூறு பேரோடு சேர்ந்து மெயிலில் படித்துத் தெரிந்துகொள்வது கொடுமை. பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்து பேசுவதற்கு ஈடாக எந்த மெயிலையும் எழுதிவிட முடியாது.

அனுப்பும்போது எல்லோருடைய முகவரியையும் BCC-யில் போடுங்கள். இல்லாவிட்டால் 'வாழ்த்துகள்' என்று ஒவ்வொருவரும் எல்லோருக்கும் பதில் போட, பெட்டி நிரம்பும். 1997-இல் மைக்ரோசாஃப்டில், ஆயிரக்கணக்கானோர் இருந்த ஒரு பட்டியலில் ஒருவர் 'என்னை இதிலிருந்து எடுங்கள்' என்று எழுத, 'என்னையும்' என்று மற்றவர்கள் எல்லோருக்கும் பதில் போட்டதில், கம்பெனியின் மெயில் அமைப்பே திணறிப்போனது. மெஷின் ஷாப்பில் பலருக்கு மெயில் முகவரியே இருக்காது. அவர்களுக்காக அதே வாசகத்தைத் தமிழில் அச்செடுத்து, வருகைப்பதிவு இயந்திரத்தின் அருகில் ஒட்டிவிட வேண்டும்.

ஒரு வாரம் கழித்து முருகனைக் கேளுங்கள். புகார்கள் இன்னும் அவருக்கே வந்துகொண்டிருந்தால், அனுப்புகிறவர்களைத் தனியாகக் கண்டு சொல்லிவிடுங்கள். டீலர்களுக்கும் ஒரு கடிதம் போக வேண்டும்.