'மாமி சொன்னா சரியாத்தான் இருக்கும்!' - புதுப் பொருளைச் சோதிக்கும் குழுவில் ஒரே குரல் ஓங்கினால் என்ன ஆகும்?

ஸ்ரீரங்கத்தில் ஒரு மகளிர் குழு, வீட்டுப் பக்குவத்தில் புளிக்காய்ச்சல் தயாரித்து 100 கிராம் பாக்கெட்டாக 60 ரூபாய்க்கு விற்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலீடு போடும் முன், எட்டுப் பெண்களை ஒரு அறையில் உட்கார வைத்து, சாதத்தில் பிசைந்து கொடுத்து, கருத்து கேட்கிறார்கள். இதைத்தான் சந்தை ஆய்வில் 'ஃபோகஸ் குரூப்' என்கிறார்கள்.

முதல் வாய் சாப்பிட்டதுமே அறுபது வயது மாமி ஒருவர், "புளிக்காய்ச்சலை யாராவது காசு கொடுத்து வாங்குவாளா?" என்கிறார். அறையில் சிரிப்பு. "யாரெல்லாம் வாங்குவீங்க, கையைத் தூக்குங்க" என்று கேட்டால், ஒரே ஒரு கைதான் எழும். குழு திட்டத்தையே கைவிட்டுவிடும். ஆனால் அந்த அறையில் எட்டுப் பேரின் கருத்து வரவில்லை. ஒருவருடைய கருத்து எட்டு முறை வந்திருக்கிறது.

கையைத் தூக்கச் சொன்னால் உண்மை வராது!

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951-ல் அமெரிக்காவில் செய்த சோதனை இதற்கு நல்ல உதாரணம். எந்தக் கோடு நீளம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முன்கூட்டியே பேசி வைத்த ஆட்கள் எல்லோரும் வேண்டுமென்றே தப்பான பதிலைச் சொன்னார்கள். விஷயம் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களில் நான்கில் மூன்று பேர், ஒரு முறையாவது அந்தத் தப்பான பதிலையே சொன்னார்கள். அதே பதிலை வாயால் சொல்லாமல் தனியாக எழுதச் சொன்னபோது, இப்படி ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது.

இன்னும் பின்னால் போனால், இந்த முறை பிறந்த இடத்திலேயே தீர்வு இருக்கிறது. 1941-ல் நியூயார்க்கில் வானொலி நிகழ்ச்சிகளைச் சோதித்தபோது, கேட்பவர்கள் ஒவ்வொருவர் கையிலும் பச்சை, சிவப்பு பட்டன்கள் இருந்தன. பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு. அதன் பிறகுதான் 'ஏன்' என்று குழுவாகப் பேச வைத்தார்கள். அதைப் பார்த்த ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர்தான், பின்னாளில் இதை ஒரு முறையான ஆய்வு உத்தியாக வளர்த்தார். முதலில் தனித்தனி தீர்ப்பு, பிறகு பேச்சு. இந்த வரிசைதான் முக்கியம்.

யாரை யாருடன் உட்கார வைப்பது?

பாதி வேலை அழைப்பதிலேயே முடிந்துவிடும். ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். ஸ்ரீரங்கத்தில் சிக்கல் என்னவென்றால், சித்திரை வீதியில் இருப்பவருக்கு உத்தர வீதியில் இருப்பவரைத் தெரிந்திருக்கும். மாமியாரும் மருமகளும், குழுத் தலைவியும் உறுப்பினரும், வீட்டுக்காரம்மாவும் குடித்தனக்காரரும் ஒரே அறையில் இருந்தால், இளையவர் வாயே திறக்க மாட்டார். அதனால் ஸ்ரீரங்கம், தில்லை நகர், உறையூர் என்று பிரித்து, ஒருவரையொருவர் அறியாதவர்களாகச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, புளிக்காய்ச்சலை வீட்டில் தாங்களே காய்ச்சுபவர்களையும், கடையில் வாங்குபவர்களையும் தனித்தனிக் குழுவாக வைக்க வேண்டும். ஒன்றாக வைத்தால், காய்ச்சத் தெரிந்தவர் ஆசிரியர் ஆகிவிடுவார், மற்றவர்கள் மாணவிகள் ஆகிவிடுவார்கள். ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது இரண்டு, மூன்று குழுக்களையாவது நடத்தினால்தான், ஓர் அறையில் வந்தது அந்த அறையின் தனிக்குணமா, பொதுவான கருத்தா என்று தெரியும்.

பொருளைத் தயாரித்தவரே கூட்டத்தை நடத்தவும் கூடாது. எதிரில் நிற்பவர் கையால் செய்ததை 'நன்றாக இல்லை' என்று சொல்ல நம் ஊரில் யாருக்கு மனசு வரும்?

எழுதிவிட்டுப் பேசுங்கள்

வந்தவர்கள் காபி குடிக்கும் நேரத்திலேயே, யார் அதிகம் பேசுகிறார், யார் ஒதுங்கி நிற்கிறார் என்பது தெரிந்துவிடும். அதிகம் பேசுபவரை நடத்துநருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரின் கண்ணைப் பார்க்காமல் இருப்பது சுலபம், கண் பார்க்காதபோது அவருக்குப் பேச்சைத் தொடர்வது கடினம். அமைதியானவர் நேர் எதிரில் இருக்கட்டும்.

ருசி பார்த்ததும் யாரும் பேசக் கூடாது. ஆளுக்கு ஒரு அட்டை. 'வாங்குவேன் / வாங்க மாட்டேன்', அதற்குக் கீழே ஒரு வரி காரணம். அட்டைகளை வாங்கி வைத்த பிறகே பேச்சு. ஒவ்வொரு கேள்விக்கும் வேறு வேறு ஆளிடமிருந்து தொடங்க வேண்டும்.

அப்படியும் ஒருவர் ஓங்கினால், அவரை அடக்கத் தேவையில்லை. "மாமி, நீங்க சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டேன். வேற மாதிரி சமைக்கிறவங்க வீட்ல எப்படின்னு கொஞ்சம் கேட்போம்" என்றால் மரியாதையும் குறையாது, வழியும் திறக்கும். "எல்லாரும் இதை ஒத்துக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்கவே கூடாது. அது தலையாட்டச் சொல்லும் கேள்வி. முடிந்த பிறகு அந்த மாமியிடம் தனியாக அரை மணி நேரம் உட்காருவது நல்லது. அறையிலேயே அதிக விஷயம் தெரிந்தவர் அவராகவே இருக்கக்கூடும்.

இரண்டு அட்டைகள் சொல்லும் கதை

இப்போது நம் எட்டுப் பேருக்கு வருவோம். முதல் அட்டையில் ஐந்து பேர் 'வாங்குவேன்' என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர், 'ஹாஸ்டல்ல இருக்கிற பையனுக்குக் கொடுத்தனுப்பலாம்' என்று காரணமும் எழுதியிருக்கிறார். பேச்சு முடிந்ததும் மறுபடி ஓர் அட்டை கொடுத்தால், 'வாங்குவேன்' மூன்றாகக் குறைகிறது.

மாறிய இரண்டு பேரின் காரணத்தைப் படிக்க வேண்டும். ஒருவர், 'எங்க வீட்ல ஃபிரிட்ஜ் இல்லை, பிரிச்ச பாக்கெட் எத்தனை நாள் தாங்கும்னு தெரியலை' என்கிறார். இது அவர் சமையலறையிலிருந்து வந்த சொந்தக் காரணம், உண்மையான மாற்றம். இன்னொருவர், 'இதையெல்லாம் யாராவது காசு கொடுத்து வாங்குவாங்களா' என்கிறார். அது மாமியின் வாக்கியம். அதை மாற்றமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆக, குழு கவலைப்பட வேண்டியது மாமியின் கேலியைப் பற்றி அல்ல. 100 கிராமுக்குப் பதில் ஒரு வேளைக்கான சின்ன பாக்கெட் போடலாமா என்பதைப் பற்றி.

கூட்டம் சரியாக நடந்ததா என்பதை ஒலிப்பதிவே காட்டிவிடும். 90 நிமிடத்தில் நடத்துநர் பேசியது 15 நிமிடம் என்றால், மீதி 75 நிமிடத்தில் ஆளுக்கு ஏறக்குறைய ஒன்பது நிமிடம் வரும். சிலர் கூடலாம், குறையலாம். ஆனால் ஒருவரே 25 நிமிடம் பேசியிருந்தால், அந்த முடிவைத் தனியே வைத்துவிட்டு இன்னொரு குழு நடத்துவதே நல்லது.

எழுத்தும் ஏமாற்றும்

எழுதி வாங்கினால் மட்டும் போதுமா? கோவை முருகானந்தம் அனுபவம் வேறு சொல்கிறது. மலிவு விலை நாப்கினை உருவாக்கும் முயற்சியில், அவர் மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் நாப்கினும் கருத்துப் படிவமும் கொடுத்தார். வாங்கப் போன நாளில், மூன்று மாணவிகளே எல்லோருடைய படிவங்களையும் நிரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பிறகு தானே அணிந்து பார்க்கத் துணிந்ததும், அந்த முயற்சிக்காக 2016-ல் பத்மஸ்ரீ பெற்றதும் நாடறிந்த கதை. படிவம் இருந்தும், பல பேர் பெயரில் வந்தது மூன்று பேரின் குரல்தான். அதனால் அட்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல், கண்ணெதிரே எழுதி வாங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. எட்டில் ஐந்து பேர் 'வாங்குவேன்' என்றால், திருச்சியில் 62 சதவிகிதம் பேர் வாங்குவார்கள் என்று அர்த்தமில்லை. இந்தக் குழுக்கள் 'ஏன்' என்பதைச் சொல்லும், 'எத்தனை பேர்' என்பதைச் சொல்லாது. அதற்கு ஐம்பது பாக்கெட் போட்டு, தெரியாத கடை ஒன்றில் 60 ரூபாய்க்கு வைத்துப் பார்க்க வேண்டும். அதே வாடிக்கையாளர் இரண்டாவது முறை வந்து கேட்கிறாரா என்பதுதான் அப்போது கவனிக்க வேண்டியது.