நூல் விலை மட்டும்தான் காரணமா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. மாத முடிவில் நிதி மேலாளர் கணக்காளரை அழைத்து, "நூல் செலவு பட்ஜெட்டைவிட 5,24,000 ரூபாய் கூடியிருக்கிறதே, ஏன்?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "நூல் விலை ஏறிவிட்டது சார்" என்பது சட்டென்று வரும் பதில். நூற்பாலைகள் மாதாமாதம் புது விலை அறிவிக்கும் ஊரில் அதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரியும்.

பட்ஜெட்டில் போட்டது 10,000 கிலோ, கிலோ 250 ரூபாய். மொத்தம் 25 லட்சம். உண்மையில் ஓடியது 11,200 கிலோ, கிலோ 270 ரூபாய், மொத்தம் 30,24,000. முதலில் விலையை மட்டும் பார்ப்போம். கிலோவுக்கு 20 ரூபாய் கூடுதல், வாங்கியது 11,200 கிலோ. ஆக 2,24,000 ரூபாய் விலையால் வந்தது. அடுத்து அளவு. கூடுதலாக ஓடிய 1,200 கிலோவைப் பழைய விலையான 250-ஆல் பெருக்கினால் 3 லட்சம். இரண்டையும் கூட்டினால் 5,24,000 சரியாக வந்துவிடும். பாதிக்கு மேல் அளவால் வந்ததுதான்.

இங்கே ஒரு நெருடல் உண்டு. கூடுதல் 1,200 கிலோவுக்கும் 20 ரூபாய் கூடியதால் வந்த 24,000 ரூபாய், விலை, அளவு இரண்டும் சேர்ந்து உண்டாக்கியது. அதை விலைக் கணக்கில் சேர்ப்பது வழக்கம். கொள்முதல் பிரிவினர் அதற்கு முகம் சுளித்தால் அதில் நியாயம் இருக்கிறது; தனியாகவே காட்டிவிடலாம்.

அந்த 3 லட்சத்தோடு நிறுத்திவிடக் கூடாது. ஒரு டி-ஷர்ட்டுக்கு 200 கிராம் நூல் என்று 50,000 டி-ஷர்ட்டுக்குத்தான் பட்ஜெட் போட்டிருந்தார்கள். ஆர்டர் கூடியதால் தைத்ததோ 54,000. அதற்கு 10,800 கிலோ போதும். எனவே 800 கிலோ, அதாவது 2 லட்சம், ஆர்டருக்காகச் செலவானது. அதற்கு எதிரே விற்பனை வருமானமும் கூடியிருக்கும். மீதி 400 கிலோ, அதாவது ஒரு லட்சம், எந்த டி-ஷர்ட்டிலும் சேராத நூல். துணி கனமாகப் பின்னப்பட்டதா, கட்டிங்கில் வேஸ்ட் கூடியதா என்று தேட வேண்டியது இதைத்தான். "விலை ஏறிவிட்டது" என்ற ஒற்றைப் பதில் மறைத்துவிடுவதும் இதைத்தான்.

விலைப் பகுதியையும் ஒரு முறை சோதிக்க வேண்டும். 270 என்பது சராசரி. பட்ஜெட் முழுக்க 30-ஆம் நம்பர் நூலுக்குப் போடப்பட்டு, வாங்கியதில் ஒரு பங்கு மெல்லிய, விலை கூடிய 40-ஆம் நம்பராக இருந்தால், ஆலை ஒரு ரூபாய்கூட ஏற்றாமலே சராசரி உயர்ந்துவிடும். கொள்முதல் பில்களை நம்பர் வாரியாகப் பிரித்து, 30-ஆம் நம்பரின் விலையை மட்டும் பட்ஜெட் விலையோடு ஒப்பிட்டால் உண்மையான ஏற்றம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நிதி மேலாளரிடம் போவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் அவர் அடுத்துக் கேட்கப்போவது அதைத்தான்.